மழையும் கலங்கலும்: எட்டு நாள் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

கரியாலூரில் இரவு நல்ல மழை பிடித்தால், காலையில் ஓடை செம்மண் குழம்பாக ஓடும். கல்வராயன் மலையில் விழும் மழையின் ஒரு பங்கு கோமுகி ஆறாகிக் கச்சிராயபாளையத்துக்கு அருகில் உள்ள அணையில் தேங்குகிறது. வழியில் அரித்துக்கொண்டு வரும் மண்ணும் அதே அணையில்தான் படிகிறது. மழைக்கும் கலங்கலுக்கும் தொடர்பு உண்டு என்று மலையில் மாடு மேய்க்கிறவருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தொடர்பு எவ்வளவு இறுக்கமானது, நாம் அளந்த சில நாள்களில் தற்செயலாக அப்படி அமைந்துவிட்டதா என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு கணக்கு வேண்டும். அதற்குப் பெயர் தர ஒட்டுறவு. நம் பாடநூல்களில் ஸ்பியர்மேன் பெயரோடு வரும். சார்லஸ் ஸ்பியர்மேன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1904-இல் எழுதிய கட்டுரையில் இருந்து வந்தது அது. அவர் மாணவர்களின் அறிவுத்திறனை ஆராய்ந்தவர். ஆனாலும் அவருடைய முறை ஆறு, மண், காற்று பற்றிய அளவீடுகளுக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது.

காரணத்தை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஓடைக்கரையில் ஒரு மழைமானி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டரை மணிக்கு முந்தைய 24 மணி நேர மழையைக் குறிக்கிறோம். அதே நேரத்தில், அதே இடத்தில் ஒரு புட்டி நீர் எடுத்துக் கலங்கல்மானியில் அளக்கிறோம். கலங்கலுக்கு அலகு என்.டி.யு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு 1 என்.டி.யு.; வேறு நீராதாரம் இல்லாதபோது 5 வரை ஏற்கலாம். மழைக்காலத்தில் மலை ஓடை இதையெல்லாம் சுலபமாகத் தாண்டிவிடும். கீழே உள்ள எட்டு நாள் எண்கள் கணக்கை விளக்க நான் அமைத்தவை, கரியாலூரில் அளந்து வெளியிட்டவை அல்ல. ஒரு மலை ஓடையில் நடக்கக்கூடிய விதத்தில் அமைத்திருக்கிறேன். படிக்க வசதியாக மழையின் வரிசையில் அடுக்கியிருக்கிறேன்.

| மழை (மி.மீ.) | கலங்கல் (என்.டி.யு.) | மழைத் தரம் | கலங்கல் தரம் | வேறுபாடு | வர்க்கம் |
|---|---|---|---|---|---|
| 0 | 4 | 1 | 1 | 0 | 0 |
| 6 | 35 | 2 | 6 | −4 | 16 |
| 11 | 9 | 3 | 2 | 1 | 1 |
| 17 | 14 | 4 | 3 | 1 | 1 |
| 24 | 22 | 5 | 5 | 0 | 0 |
| 38 | 18 | 6 | 4 | 2 | 4 |
| 62 | 75 | 7 | 7 | 0 | 0 |
| 110 | 420 | 8 | 8 | 0 | 0 |

கடைசி வரியைப் பாருங்கள். மற்ற நாள்களில் கலங்கல் நூற்றைத் தொடவே இல்லை. அந்த ஒரு நாளில் மட்டும் 420. கனமழையில் மண்ணரிப்பு இப்படித்தான் ஒரேயடியாக எகிறும். மழை இரண்டு மடங்கானால் கலங்கலும் இரண்டு மடங்காகும் என்பதில்லை. பள்ளியில் படித்த பியர்சன் ஒட்டுறவைப் போட்டால் 0.90 வருகிறது. மிக நெருங்கிய உறவு போலத் தோன்றும். ஆனால் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், மேலே நிற்கும் பெருக்கல் தொகையில் சுமார் 81 சதவீதம் அந்த ஒரே நாளில் இருந்து வருகிறது. எட்டு நாள் அளந்தோம் என்று பெயர், பேசுவது என்னவோ ஒரு நாள்தான்.

தர ஒட்டுறவு இந்த ஆதிக்கத்தை உடைக்கிறது. எண்களை விட்டுவிட்டு வரிசையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஓட்டப்பந்தயத்தில் முதலில் வந்தவர் ஒரு நொடி முந்தினாலும் பத்து நொடி முந்தினாலும் அவர் முதல்வர்தான் அல்லவா, அதுபோல 420 என்பது இங்கே எட்டாம் தரம், அவ்வளவே. அது 4,200 ஆக இருந்தாலும் எட்டாம் தரம்தான். மிகக் குறைந்த மழைக்கு 1, அடுத்ததற்கு 2 என்று எட்டு வரை கொடுக்கிறோம். கலங்கலுக்கும் தனியாக அப்படியே. இரண்டு தரங்களும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதுதான் கேள்வி.

ஒவ்வொரு நாளுக்கும் மழைத் தரத்தில் இருந்து கலங்கல் தரத்தைக் கழித்து, வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 22 வருகிறது. சூத்திரம் இது:

```
ρ = 1 − 6 Σd² / (n (n² − 1))
  = 1 − (6 × 22) / (8 × 63)
  = 1 − 132 / 504
  = 0.738
```

இரண்டு வரிசைகளும் அச்சாக ஒன்றே என்றால் வர்க்கத் தொகை 0, விடை 1. நேர் தலைகீழாக இருந்தால் விடை −1. எந்தத் தொடர்பும் இல்லாவிட்டால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். 0.738 என்பது மழை கூடக் கூடக் கலங்கலும் பெரும்பாலும் கூடுகிறது என்கிறது.

இந்த 22-இல் 16 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 6 மி.மீ. மட்டும் பெய்த நாளில் கலங்கல் 35. இதைத் தவறான அளவீடு என்று தூக்கிப் போடத் தோன்றும். அவசரப்படக் கூடாது. கோடை முடிந்து விழும் முதல் மழை என்றால், உழுது போட்ட மரவள்ளிக் காட்டிலும் மண் சாலையிலும் மாதக்கணக்கில் சேர்ந்த புழுதி மொத்தமாக ஓடையில் இறங்கும். மாறாக 38 மி.மீ. பெய்தும் 18 மட்டுமே காட்டிய நாள், பருவம் பாதி கடந்து சாமையும் புல்லும் மண்ணைப் பிடித்துக்கொண்ட நாளாக இருக்கலாம். கணக்கோடு ஒத்துப்போகாத நாள்தான் ஓடையைப் பற்றி நமக்கு அதிகம் சொல்லித் தருகிறது. அதனால் அளந்த தேதியையும் சுற்றியுள்ள நிலத்தின் நிலையையும் நோட்டில் எழுதி வைப்பது எண்ணை எழுதுவதற்குச் சமமான வேலை.

இனி 0.738-ஐ எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு வருவோம். மழைக்கும் கலங்கலுக்கும் உண்மையில் உறவே இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் கலங்கலின் எட்டுத் தரங்களும் மழைத் தரங்களுக்கு எதிரே எந்த வரிசையிலும் விழுந்திருக்கலாம். எட்டுப் பொருள்களை 40,320 விதமாக அடுக்கலாம், ஒவ்வோர் அடுக்குக்கும் வாய்ப்பு சமம். அவற்றில் வர்க்கத் தொகை 22 அல்லது அதற்கும் குறைவாக வருபவை 924. அதே அளவுக்கு எதிர்த்திசையில் போகிறவை இன்னொரு 924. உறவின் திசையை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளாத சோதனையில் இரண்டையும் சேர்க்க வேண்டும். 40,320-இல் 1,848, அதாவது 4.6 சதவீதம். உறவே இல்லாத ஓடையில்கூட நூற்றுக்கு நாலைந்து முறை இப்படி ஒரு வரிசை தற்செயலாக அமைந்துவிடும் என்பது இதன் பொருள்.

வழக்கத்தில் 5 சதவீதத்தை எல்லைக்கோடாக வைக்கிறார்கள். பாடநூல் இதை மிகைகாண் நிலை என்கிறது. புள்ளியியல் நூல்களின் பின்னிணைப்பில் உள்ள அட்டவணையில் எட்டு இணைகளுக்கு எல்லை மதிப்பு 0.738 என்று இருக்கும். நம் விடை கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கணினியில் ஆர் மொழி தெரிந்தவர்கள் இப்படிச் சரிபார்க்கலாம்:

```
mazhai   <- c(0, 6, 11, 17, 24, 38, 62, 110)
kalangal <- c(4, 35, 9, 14, 22, 18, 75, 420)
cor.test(mazhai, kalangal, method = "spearman")
```

இதில் p-value 0.04583 என்று வரும். சில மென்பொருள்கள் எல்லா அடுக்குகளையும் எண்ணாமல் டி-பரவலை வைத்துத் தோராயம் செய்கின்றன. அவற்றில் இதே தரவுக்கு 0.037 போல வரும். இணைகள் பத்துக்குக் கீழே இருக்கும்போது தோராயத்தை விட்டு அட்டவணையையோ முழு எண்ணிக்கையையோ நம்புவதே சரி.

எல்லையைத் தாண்டியாயிற்று என்று மகிழ்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். 6 மி.மீ. நாளின் கலங்கல் 35-க்குப் பதில் 80 ஆக இருந்திருந்தால்? அதன் தரம் 7 ஆகும், 62 மி.மீ. நாளின் தரம் 6 ஆக இறங்கும், வர்க்கத் தொகை 32 ஆகும், விடை 0.619-க்குச் சரியும். அது எல்லை மதிப்பை எட்டாது. ஒரே ஒரு புட்டி நீர் தீர்ப்பை மாற்றிவிடுகிறது. எனவே இந்த எட்டு நாள் தரவு உறவுக்குச் சாட்சி சொல்கிறது, ஆனால் பலவீனமான சாட்சி. இணைகள் நான்கு மட்டுமே என்றால் நிலைமை இன்னும் மோசம். நான்கை 24 விதமாகத்தான் அடுக்க முடியும். வரிசை அச்சாக ஒத்துப்போனாலும் இரு திசையும் சேர்த்து 24-இல் 2, அதாவது 8.3 சதவீதம். நான்கு நாள் அளந்துவிட்டு இந்தச் சோதனையில் 5 சதவீதக் கோட்டைத் தாண்டவே வழியில்லை.

ஒரே அளவு இரண்டு நாளில் வந்தால் இரண்டுக்கும் சராசரித் தரம் கொடுக்க வேண்டும். 3, 4 ஆகிய இடங்களைப் பங்கிடுகிறவற்றுக்கு ஆளுக்கு 3.5. மழையே இல்லாத நாள்கள் நிறைய இருந்தால் இந்தச் சமன்கள் பெருகி, மேலே கொடுத்த சூத்திரம் பிசகும். அப்போது தரங்களையே எண்களாக வைத்துப் பியர்சன் சூத்திரத்தில் போடுவதே சரியான வழி.

இதைவிடப் பெரிய ஆபத்து நாள்களின் தேர்வில் இருக்கிறது. 40,320 அடுக்குகளுக்கும் வாய்ப்பு சமம் என்றோமே, அது ஒவ்வொரு நாளும் மற்ற நாள்களைச் சாராமல் இருந்தால்தான் செல்லும். தொடர்ந்து எட்டு நாள் அளந்தால் நேற்றைய சேறு இன்றும் ஓடையில் இருக்கும், நேற்றைய மேகமே இன்றும் பெய்யும். எட்டு நாள் என்று எழுதினாலும் உண்மையில் இரண்டு மூன்று நாள் செய்திதான் அதில் இருக்கும், p-value பொய்யாகச் சிறுத்துவிடும். அளக்கும் நேரமும் அப்படித்தான். சிறிய மலை ஓடையில் கலங்கல் மழைக்குப் பின் சில மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடும். ஒரு நாள் காலையிலும் ஒரு நாள் மாலையிலும் எடுத்தால் மழையின் விளைவை அல்ல, நம் வருகை நேரத்தின் விளைவையே அளந்திருப்போம்.

கல்வராயன் மலையிலும் கள்ளக்குறிச்சியிலும் உள்ள அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களோடு இதைச் செய்ய நினைத்தால் வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொண்டு, கோடை மழையில் தொடங்கி வடகிழக்குப் பருவம் முடியும் வரை குறைந்தது இருபது நாள் அளந்து எழுதுங்கள். இருபது இணைகளுக்கு எல்லை மதிப்பு சுமார் 0.45 ஆக இறங்கிவிடும். ஒரு புட்டி நீர் இடறினாலும் தீர்ப்பு எளிதில் தடுமாறாது.