ஒரு காது மட்டும் பாடினால்

வயர் இல்லாத இயர்பட்டில் இடது பக்கம் மட்டும் திடீரென்று ஊமையாகிவிட்டால், பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் போனின் ப்ளூடூத் பட்டியலைத் திறந்து பாருங்கள். இயர்பட்டின் பெயர் அங்கே இரண்டு முறை இருக்கிறதா? சில மாடல்களில் பெயரின் கடைசியில் L, R என்றும் ஒட்டியிருக்கும். அப்படியென்றால் பெரும்பாலும் எதுவும் கெடவில்லை. இரண்டு பட்களும் பிரிந்து நிற்கின்றன, அவ்வளவுதான்.

இரண்டு பட்களுக்கும் போன் தனித்தனியாகப் பாட்டு அனுப்புகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். வழக்கமான ப்ளூடூத்தில் அப்படியில்லை. ஒரு பட் தலைமை ஏற்றுப் போனோடு பேசும். மற்றது அதனிடமிருந்து ஒலியை வாங்கிக்கொள்ளும், அல்லது அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்கும். இதற்கு இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் வைத்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் சார்ஜ் தீர்ந்திருக்கும்போது மற்றதைத் தனியாக வேறொரு போனில் இணைத்தால், அந்த உறவு அறுந்துபோகலாம்.

சேர்த்துவைக்க, முதலில் போனில் அந்த இரண்டு பெயர்களையும் Forget கொடுத்து நீக்கிவிட்டு ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள். முன்பு இணைத்த லேப்டாப் பக்கத்தில் இருந்தால் அதிலும் அணையுங்கள். இதை மறப்பதால்தான் பலருக்கு வேலை கெடுகிறது. பட்களைப் பெட்டியில் வைத்து, இரண்டும் சார்ஜ் ஏறுகின்றனவா என்று விளக்கைப் பாருங்கள். பிறகு இரண்டையும் வெளியே எடுத்து, இரண்டின் பட்டனையும் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். இது பல மலிவு மாடல்களுக்குப் பொருந்தும். உங்கள் மாடலின் சரியான முறை கையேட்டில் இருக்கும். பெட்டியின் பின்புறம் பட்டன் உள்ள ஏர்பாட்ஸில், மூடியைத் திறந்து அந்தப் பட்டனையே பிடிக்க வேண்டும். விளக்கு ஆரஞ்சாக மின்னி வெள்ளைக்கு மாறும்.

சேர்ந்துவிட்டதை எப்படி அறிவது? பல மாடல்களில் ஒரு பட்டின் விளக்கு அணைந்து, மற்றது மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே மாதிரி மின்னினால் இன்னும் சேரவில்லை, மறுபடி செய்யுங்கள். ஒன்று மட்டும் மின்னும்போதுதான் போனில் ப்ளூடூத்தைப் போட்டு, தெரிகிற ஒற்றைப் பெயரைத் தொட வேண்டும். அவசரப்பட்டு முன்பே தொட்டால் பழையபடி ஒன்று தனியாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

சேர்த்த சில நாளிலேயே திரும்பத் திரும்பப் பிரிந்தால் பெட்டிக்குள் இருக்கும் சின்ன உலோக முனைகளைச் சந்தேகியுங்கள். வியர்வையும் அழுக்கும் படிந்து ஒரு பட் மட்டும் சார்ஜ் ஏறாமல் கிடக்கும். உலர்ந்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போதும்.

பட்டியலில் ஒரே பெயர் இருந்தும் ஒரு பக்கம் மெதுவாக, அடைத்த மாதிரி கேட்டால் அது இணைப்புச் சிக்கல் அல்ல. வலையில் காதுக் குரும்பி அடைத்திருக்கும். அல்லது போனின் Accessibility பகுதியில் இடது வலது ஒலிச் சமநிலை ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். பெட்டியில் வைத்தும் ஒரு பட்டுக்கு விளக்கே வரவில்லை, முனைகளும் சுத்தம் என்றால் பேட்டரி போயிருக்கும். ஒற்றை பட் வாங்கி ஈடுகட்டுவதாக இருந்தால் அதே மாடல், அதே தலைமுறையாகப் பார்த்து வாங்குங்கள். வேறாக இருந்தால் பழையதோடு சேராது.