ஒரு ஸ்பூன் சட்னியில் எவ்வளவு கொழுப்பு?

எடை குறைக்க முடிவெடுத்தவர்கள் காலையில் முதலில் ஒதுக்குவது தேங்காய்ச் சட்னியைத்தான். அதற்குப் பதிலாகத் தக்காளிச் சட்னி தட்டுக்கு வந்துவிடும். நிலக்கடலைச் சட்னியை ‘புரதம்’ என்று சொல்லித் தாராளமாகவே போட்டுக்கொள்கிறார்கள். மூன்றையும் ஸ்பூன் கணக்கில் நிறுத்திப் பார்த்தால் இந்த வரிசை பாதிதான் சரி.

ஸ்பூன் என்று இங்கே சொல்வது 15 மில்லி பிடிக்கும் பெரிய ஸ்பூன். அதில் தலைதட்டி எடுத்தால் சுமார் 15 கிராம் சட்னி இருக்கும். டீஸ்பூன் இதில் மூன்றில் ஒரு பங்கு.

முதலில் கடலை. 100 கிராம் வறுத்த நிலக்கடலையில் ஏறக்குறைய 570 கலோரியும் 49 கிராம் கொழுப்பும் இருக்கின்றன. அதோடு மிளகாய், பூண்டு, துளிப் புளி வைத்து, 150 மில்லி தண்ணீர் விட்டு அரைத்து, இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் தாளித்துக் கொட்டினால் சுமார் 275 கிராம் சட்னி, அதாவது 18 ஸ்பூன் கிடைக்கும். மொத்தக் கலோரி 660. ஸ்பூனுக்கு 36 கலோரி, 3.2 கிராம் கொழுப்பு. நான்கு ஸ்பூன் தொட்டுக்கொண்டால் இரண்டு இட்லிக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்ட கணக்கு. நடுத்தர இட்லி ஒன்றுக்கே 50, 60 கலோரிதான்.

தேங்காயில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். அதனால்தான் 100 கிராம் துருவலில் கலோரி 350 அளவிலும், கொழுப்பு 33 கிராம் அளவிலும் நிற்கிறது. 20 கிராம் பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், இஞ்சி, 120 மில்லி தண்ணீர், அதே இரண்டு டீஸ்பூன் எண்ணெய்த் தாளிப்பு. சுமார் 17 ஸ்பூன் வரும். ஸ்பூனுக்கு 30 கலோரி, இரண்டரை கிராம் கொழுப்பு. கடலையைவிடக் குறைவுதான்.

ஆனால் கொழுப்பின் வகை வேறு. தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. கடலைக் கொழுப்பில் அது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தினமும் 2,000 கலோரி சாப்பிடுபவர் நிறைவுற்ற கொழுப்பை 22 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி வரும் கணக்கு. நான்கு ஸ்பூன் தேங்காய்ச் சட்னியிலேயே அதில் ஏறக்குறைய 7 கிராம் போய்விடும். ஆகவே கொலஸ்ட்ரால் கூடுதலாக உள்ளவருக்குக் கடலை தேவலை; கலோரியை மட்டும் எண்ணுபவருக்குத் தேங்காய் தேவலை.

தண்ணீரைக் கூட்டிக் குறைத்தால் இந்த வரிசையும் புரளும். கடலைச் சட்னியில் இன்னும் 100 மில்லி தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்தால் ஸ்பூனுக்கு 26 கலோரிதான். தேங்காய்ச் சட்னியைப் பாதித் தண்ணீரில் கெட்டியாக அரைத்தால் 39 ஆகிவிடும். கெட்டிச் சட்னி ஸ்பூனில் குவிந்தும் நிற்கும் என்பதால் 15 கிராம் என்று நினைத்து எடுப்பது 20 கிராமைத் தாண்டிவிடுவதும் உண்டு. நீர்த்த சட்னியிலோ ஏமாற்றம் வேறு மாதிரி: ஓட்டலில் அதை ஸ்பூனால் பரிமாறுவதில்லை, கரண்டியால் இட்லி மேலேயே ஊற்றுகிறார்கள்.

இனி தக்காளி. இதன் கதையே தனி.

300 கிராம் தக்காளி, 100 கிராம் வெங்காயம் இரண்டும் சேர்ந்தாலும் நூறு கலோரி தேறாது. கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். தக்காளிச் சட்னியில் இருக்கும் கொழுப்பெல்லாம் வாணலியில் ஊற்றிய எண்ணெய்தான். வதக்கவும் தாளிக்கவும் சேர்த்து இரண்டு டீஸ்பூனோடு நிறுத்தினால் ஸ்பூனுக்கு 11 கலோரி, அரை கிராமுக்குச் சற்று மேல் கொழுப்பு. மூன்றில் இதுவே மிகக் குறைவு.

‘எண்ணெய் பிரிந்து வரும்வரை’ வதக்குகிற தொக்கு மாதிரியான சட்னிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதே அளவு தக்காளிக்கு நான்கு பெரிய ஸ்பூன் எண்ணெய் ஊற்றினால் எண்ணெய் மட்டுமே 480 கலோரி, 54 கிராம் கொழுப்பு. ஸ்பூனுக்கு 30 கலோரி, 2.9 கிராம் கொழுப்பு என்று வந்து நிற்கும். கொழுப்பில் தேங்காயையே தாண்டிவிட்டது! இன்னும் சுண்டவிட்டால் தண்ணீர்தான் ஆவியாகும், எண்ணெய் அப்படியே தங்கும். ஸ்பூன் இன்னும் கனக்கும். சிவந்த எண்ணெய் கிண்ணத்தின் ஓரத்தில் வளையம் கட்டி நின்றால், அது லேசான சட்னி இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

வீட்டுச் சட்னியின் கணக்கைத் தெரிந்துகொள்ளச் சமையலறைத் தராசு போதும். எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேரே ஊற்றாமல் ஸ்பூனால் அளந்து, போட்ட பொருள்களின் கலோரியைக் கூட்டி, முடிந்த சட்னியின் எடையால் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும். எடை பார்க்கும் முன் தாளிப்பை நன்றாகக் கலந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே மிதக்கும் எண்ணெயில் பெரும்பங்கு, முதலில் சாப்பிட உட்காருபவர் தட்டுக்கே போய்விடும்.