சதுரத்தின் மூலையில் ஒரு மின்னூட்டம்

10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம். நான்கு மூலைகளிலும் தலா 1 மைக்ரோகூலும் நேர் மின்னூட்டம். வலது மேல்மூலையில் இருப்பதன்மீது மொத்த விசை எவ்வளவு?

மேற்பொருந்துதல் தத்துவம் வழிகாட்டுகிறது: மற்ற இரண்டும் இல்லாததுபோல் நினைத்து, ஒவ்வொன்றும் தரும் விசையைத் தனியே கணக்கிடலாம். கூலும் விதிப்படி, பக்கத்து மூலைகள் ஒவ்வொன்றும் 0.9 நியூட்டன் விசையால் தள்ளுகின்றன. ஒன்று வலப்புறம், மற்றது மேல்நோக்கி. எதிர்மூலை மூலைவிட்டத் தூரத்தில் இருக்கிறது. தூரத்தின் வர்க்கம் இருமடங்கு என்பதால் விசை பாதி, 0.45.

மூன்றையும் அப்படியே கூட்டி 2.25 என்று எழுதுவதுதான் தேர்வுத்தாள்களில் வழக்கமான சறுக்கல். விசைக்குத் திசை உண்டே! செங்குத்தான இரு 0.9-களும் சேர்ந்தால் 0.9 × √2, அதாவது சுமார் 1.27, அதன் திசை மூலைவிட்டத்தின் வழியே வெளிப்புறம். எதிர்மூலையின் தள்ளலும் அதே திசைதான் என்பதால், இங்கே மட்டும் நேராகக் கூட்டலாம்: சுமார் 1.72 நியூட்டன்.

இவை புள்ளி மின்னூட்டங்களாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு. பெரிய உலோகக் குண்டுகளை நெருக்கி வைத்தால், அவற்றின் மின்னூட்டம் பரப்பில் இடம் மாறிவிடும், விடையும் மாறும்.