நன்கொடை அறிவிப்பில் இருக்க வேண்டியவை

விநாயகர் சதுர்த்தி நெருங்கும்போது அல்சூர், ஸ்ரீராமபுரம் போன்ற பெங்களூருப் பகுதிகளின் தெருமுனைகளில் நன்கொடை அறிவிப்புகள் தோன்றுகின்றன. "தங்களால் இயன்ற நன்கொடையை வழங்கி விநாயகர் அருள் பெற வேண்டுகிறோம்" என்பது வழக்கமான வாசகம். கீழே ஒரு கைப்பேசி எண்ணும் க்யூஆர் குறியீடும் இருக்கும். இதில் பொய் ஏதுமில்லை. கொடுப்பவர் அறிய வேண்டியதும் ஏதுமில்லை.

குறியீட்டை வருடினால் பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் பெயரே திரையில் தெரிகிறது. பணம் அவருடைய சம்பளத்தோடும் வீட்டுச் செலவோடும் கலந்துவிடும். அவர் நேர்மையானவராயினும் பின்னர் அதைப் பிரித்துக் காட்டுவது கடினம். பதிவு செய்யப்படாத சங்கமும் தன் பெயரில் கணக்குத் தொடங்கலாம். நிர்வாகக் குழுவின் தீர்மானம், கணக்கை இயக்குவோருக்கான அதிகாரப் பத்திரம், அவர்களின் அடையாளச் சான்றுகள், சங்கத்தின் பான் எண் அல்லது அதற்கு மாற்றான உறுதிமொழிப் படிவம் ஆகியவற்றை வங்கி கேட்கும். இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுவது நலம்.

அதன்பின் அறிவிப்பை இவ்வாறு திருத்தலாம் (தொகைகள் மாதிரிக்காக):

"சென்ற ஆண்டு வரவு ரூ.1,84,000, செலவு ரூ.1,71,500, கையிருப்பு ரூ.12,500. இவ்வாண்டு மதிப்பீடு: பந்தலும் தற்காலிக மின் இணைப்பும் ரூ.70,000, சிலை ரூ.25,000, அன்னதானம் ரூ.60,000, கரைப்பு ஊர்வலம் ரூ.25,000, ஆக ரூ.1,80,000. திரட்ட வேண்டியது ரூ.1,67,500. மிகுதி அடுத்த ஆண்டுக்கு வைக்கப்படும். குறியீட்டை வருடும்போது சங்கத்தின் பெயர் தோன்றாவிடில் பணம் அனுப்ப வேண்டா. ரொக்கத்திற்கு எண்ணிட்ட ரசீது கேட்டுப் பெறுக. கரைப்பு முடிந்த பதினைந்தாம் நாள் கணக்கு இதே சுவரில் ஒட்டப்படும்."

பெயரைச் சரிபார்க்கச் சொல்லும் வரி, குறியீட்டின்மேல் வேறொரு குறியீட்டை ஒட்டி ஏமாற்றுவோரிடமிருந்து காக்கும். மிகுதி பற்றிய வரியையும் முன்கூட்டியே எழுத வேண்டும்; பணம் கையில் இருக்கும்போது அதைப் பேசத் தொடங்கினால் சச்சரவே மிஞ்சும். கன்னடத்திலும் தமிழிலும் ஒட்டுவதானால் இரண்டிலும் தொகைகள் ஒன்றாக இருக்கட்டும். உரிய வருமான வரிப் பதிவு இல்லாத சங்கம் "வரிச்சலுகை உண்டு" என்று எழுதவே கூடாது.

கணக்கு பெரும்பாலும் பிசகுவது ரொக்கத்தில்தான். வீடுவீடாகத் திரட்டிய பணத்திலிருந்து பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, எஞ்சியதை மட்டும் வங்கியில் செலுத்துவார்கள். அப்போது ரசீதுகளின் கூட்டுத்தொகை வங்கி வரவோடு பொருந்தாது. விடுபட்டது செலவா, இழப்பா என்று எவராலும் சொல்ல இயலாது. ஆகவே திரட்டிய ரொக்கம் முழுவதும் முதலில் கணக்கில் சேர வேண்டும். செலவுகள் அங்கிருந்தே காசோலையாகச் செல்ல வேண்டும். ரசீதுப் புத்தகம் எந்த எண் முதல் எந்த எண் வரை யாரிடம் தரப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்க. பிழையான ரசீதைக் கிழித்தெறியாமல், "ரத்து" என்றெழுதி அடிக்கட்டையோடு புத்தகத்திலேயே வைத்திருந்தால், பதினைந்தாம் நாள் எண்களைக் கூட்டிப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும்.