பலாப்பாலும் சோப்பு நுரையும்

பலாப்பழம் அறுக்க உட்காருகிறவர்கள் முதலில் தேடுவது எண்ணெய்க் கிண்ணத்தை. கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவாமல் பழத்தைத் தொட்டால், பால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொள்ளும். குழாயடியில் எத்தனை நேரம் கழுவினாலும் அசையாது. அதே விரலில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்தால் இளகிக் கழன்று வந்துவிடும்.

ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்று வேதியியல் சொல்வது இதைத்தான். பலாப்பாலில் உள்ள பிசினும் எண்ணெயும் ஒரே சாதி. தண்ணீர் வேறு சாதி.

தண்ணீர் மூலக்கூறு வளைந்த வடிவம் கொண்டது. அதன் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின் தன்மையும், இரண்டு ஹைட்ரஜன்களின் பக்கம் லேசான நேர்மின் தன்மையும் இருக்கின்றன. ஆகவே ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்ததன் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. உப்புக்கும் சர்க்கரைக்கும் இப்படிப் பற்றிக்கொள்ள இடம் உண்டு. அதனால் அவை தண்ணீரில் கரைகின்றன. எண்ணெயோ பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீண்ட சங்கிலி. அதில் மின்தன்மை அநேகமாகச் சமமாகப் பரவியிருப்பதால் தண்ணீருக்குப் பிடி கிடைப்பதில்லை.

எண்ணெய் லேசானது, அதனால்தான் கலப்பதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மேலே மிதப்பதற்கு மட்டுமே அது காரணம். ஆல்கஹாலும் தண்ணீரைவிட லேசானதுதான். ஆனாலும் சுத்தமாகக் கலந்துவிடும். எண்ணெயைத் தண்ணீர் வெறுத்துத் தள்ளுகிறது என்பதும் சரியில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் கைகோத்து நிற்கின்றன, எண்ணெய் ஒதுங்கிப்போகிறது. அவ்வளவுதான்.

சரி, பலாப்பால் போயிற்று. இப்போது கையெல்லாம் எண்ணெய். இங்கேதான் சோப்பு வருகிறது.

எண்ணெயோடு காஸ்டிக் சோடா சேர்த்துத்தான் சோப்பு செய்கிறார்கள். அதனால் சோப்பு மூலக்கூறுக்கு எண்ணெயின் வால் அப்படியே இருக்கிறது. தலை மட்டும் தண்ணீரோடு சேரும் மின்சுமை உள்ள பகுதி. தேய்க்கும்போது வால்கள் எண்ணெய்க்குள் புதைகின்றன, தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன. எண்ணெய்ப் படலம் பொடிப்பொடித் துளிகளாக உடைகிறது. எல்லாத் துளிகளின் மேலும் ஒரே எதிர்மின்சுமை இருப்பதால், அவை ஒன்றையொன்று விலக்கி, மறுபடி ஒட்டாமல் தண்ணீரோடு ஓடிவிடுகின்றன.

ஒரு பாட்டிலில் தண்ணீரும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் ஊற்றிக் குலுக்கிப் பார்க்கலாம். சற்று நேரத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கும். பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்டு மறுபடி குலுக்கினால் பால்போல் வெளுத்துவிடும். அந்த வெள்ளை நிறமே எண்ணெய் கரையவில்லை என்பதற்குச் சாட்சி. கரைந்திருந்தால் உப்புத் தண்ணீர்போலத் தெளிவாக இருந்திருக்கும். நுண்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெளுப்பு. நாள் முழுக்க அசைக்காமல் வைத்தால் மேலே ஏடு கட்டவும் செய்யும்.

சீயக்காயும் இதே ரகம்தான். அதிலுள்ள சப்போனினுக்கும் எண்ணெயோடு ஒரு முனை, தண்ணீரோடு ஒரு முனை.

ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காமல் வாளி ஓரத்தில் வெள்ளையாகத் திரிதிரியாக ஒட்டும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் தலையைப் பிடித்துக்கொள்ள, அது கரையாத மக்காகிவிடுகிறது. அழுக்கை எடுக்க வேண்டிய சோப்பே அழுக்காகிவிடும் கூத்து இது. சலவைப் பவுடரில் உள்ள பொருளின் தலை வேறு மாதிரியானது. கால்சியம் அதை அவ்வளவு சுலபமாக மக்காக்க முடியாது. கடினத் தண்ணீர் உள்ள ஊர்களில் துணிக்குச் சோப்பைவிடப் பவுடர் எடுபடுவது அதனால்தான்.