பன்னிரண்டு பவுண்டு காற்று

காருக்கு 32 பி.எஸ்.ஐ. காற்றடித்துப் பழகிய கை, கோ-கார்ட் டயரைத் தொட்டதும் பஞ்சர் என்றே நினைக்கும். அதில் இருப்பது 10 முதல் 14 வரைதான். புதிதாகக் கார்ட் ஓட்ட வருபவர்களில் பலர் இங்கேதான் முதல் தவறைச் செய்கிறார்கள். "கொஞ்சம் டைட்டாக இருக்கட்டும்" என்று 20 வரை அடித்துவிட்டு, வளைவில் வண்டி வழுக்குகிறது என்று வருந்துகிறார்கள்.

கார்ட்டில் ஸ்பிரிங்கும் கிடையாது, ஷாக் அப்சார்பரும் கிடையாது. சட்டம் சற்று வளைந்து கொடுக்கும். மீதி அதிர்ச்சியை டயரின் பக்கச் சுவர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டுநரையும் சேர்த்து மொத்த எடையே ஒரு சின்னக் காரின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் டயரோ, எடையை நினைத்தால் மிக அகலம். அவ்வளவு லேசான வண்டியின் டயரில் காரளவு காற்றை அடைத்தால் அதன் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். அதற்காக 6, 7 வரை இறக்குவதும் ஆபத்து. வளைவில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவி, இருக்கும் காற்றும் ஒரே நொடியில் போய்விடும்.

அழுத்தம் இவ்வளவு குறைவாக இருப்பதால் சின்னப் பிழையும் பெரிதாகிவிடுகிறது. காரில் 1 பி.எஸ்.ஐ. கூடிக் குறைந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே அது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. நம் ஊர் வெயிலில் அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். வண்டி நிற்கிறது; இடப்பக்க டயர்கள் வெயிலில், வலப்பக்க டயர்கள் நிழலில். வெயிலில் இருப்பவற்றின் உள்காற்று 50 டிகிரி, நிழலில் இருப்பவற்றில் 32 என்று வைத்துக்கொள்வோம். நான்கிலும் 12 காட்டும்படி காற்றை வைத்தாயிற்று, சரிதான் என்று தோன்றும். ஆனால் அந்த இடப்பக்க டயர்கள் 32 டிகிரிக்கு ஆறினால் 10.5தான் காட்டும். நான்கும் ஒன்றுபோல இருப்பதாக நம்பி ஓட்டுகிறவருக்கு, வண்டி ஏன் ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் மோசமாகவும் திரும்புகிறது என்று புரியவே புரியாது. அதனால் நான்கு டயர்களையும் நிழலில் ஆறவிட்டு, பிறகு அளவு பாருங்கள். பெட்ரோல் பங்க் மீட்டர் இதற்கு உதவாது, அரை பி.எஸ்.ஐ. வித்தியாசத்தைக் காட்டும் சிறிய கேஜ் ஒன்று வேண்டும்.

ஓடி முடித்து உள்ளே வந்ததும், சூடு ஆறுவதற்குள் மறுபடி அளக்க வேண்டும். 30 டிகிரியில் 12 வைத்த டயர், உள்காற்று 60 டிகிரிக்கு ஏறியிருந்தால் ஏறக்குறைய 14.5 காட்டும். அரை பி.எஸ்.ஐ.கூட ஏறவில்லை என்றால் டயர் வேலையே செய்யவில்லை. அடுத்த முறை தொடக்க அழுத்தத்தைச் சற்றுக் கூட்டலாம். முதல் இரண்டு சுற்று அருமையாகப் பிடித்து அதன்பின் வழுக்குகிறதா? தொடக்கத்திலேயே அதிகம் அடித்துவிட்டீர்கள். அரை அரையாகக் குறைத்துப் பாருங்கள்.

காம்பவுண்ட் என்பது ரப்பர் கலவை. மென்மையானது சீக்கிரம் சூடேறி ஒட்டிக்கொள்ளும், சீக்கிரமே தீர்ந்தும் போகும். கடினமானது மெதுவாகச் சூடேறும், நெடுநாள் வரும். வாடகைக் கார்ட்டுகளில் கடினமானதையே போடுவது அதனால்தான். தொடங்குபவருக்கும் அதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. சிறிய எஞ்சின் உள்ள வண்டியில் மென்மையான டயரைப் போட்டால், வளைவில் டயர் தரையை விடாமல் பிடித்து எஞ்சினைத் திணறடிக்கும். கார்ட்டின் பின் அச்சு ஒரே தண்டு. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுச் சற்று எழும்ப வேண்டும். பிடிப்பு அளவுக்கு மிஞ்சினால் வண்டி துள்ளத் தொடங்கும்.

தேய்மானத்தில்தான் சாலை டயரின் பழக்கம் நம்மை மிகவும் ஏமாற்றுகிறது. காரில் பட்டன் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறோம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றுகிறோம். கார்ட்டின் ஸ்லிக் டயரில் பட்டனே கிடையாது. அதன் மேற்பரப்பில் குண்டூசி குத்தியதுபோலச் சின்னக் குழிகள் இருக்கும், அவை மறைந்தால் டயர் முடிந்தது. ஆனால் பல டயர்கள் அதுவரை போவதே இல்லை. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. குழிகள் அப்படியே இருக்க, பிடிப்பு மட்டும் போய்விடும்.

மேற்பரப்பு இன்னும் சில செய்திகளைச் சொல்லும். சூடேறாத டயரை வழுக்க வழுக்க ஓட்டினால் ரப்பர் கிழிந்து வரிவரியாக நிற்கும். அளவுக்கு மிஞ்சிக் கொதித்தால் கொப்புளம் உடைந்து பள்ளம் விழும். வலப்பக்கத் திருப்பங்கள் அதிகமுள்ள ட்ராக்கில் இடப்பக்க டயர்கள் முதலில் தேயும்.

பழைய டயர் மலிவாகக் கிடைத்தால், ரப்பர் தடிமனைப் பார்த்து மயங்காதீர்கள். நகத்தால் அழுத்துங்கள். தடம் பதியாமல் பளபளவென்று இறுகிப்போயிருந்தால், குழிகள் எத்தனை இருந்தாலும் வாங்க வேண்டாம்.