நடுப்பக்கம் ஏன் வெளியே துருத்துகிறது?

நடுவில் பின் அடித்த தடிமனான புத்தகத்தை வெட்டாமல் மூடிப் பாருங்கள். உள்தாள்களின் ஓரம் படிப்படியாக வெளியே துருத்தி நிற்கும். ஒவ்வொரு தாளும் தனக்குள் இருக்கும் தாள்களைச் சுற்றி மடிய வேண்டியிருப்பதே காரணம். அச்சகத்தில் இதை க்ரீப் என்பார்கள்.

80 பக்கப் புத்தகத்தில் 20 தாள்கள். முதல் தாளில் 1, 2, 79, 80ஆம் பக்கங்கள். நடுத்தாளில் 39 முதல் 42 வரை. நடுத்தாள் 1.9 மி.மீ. துருத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டிங் மெஷின் அந்த அளவையும் சேர்த்து வெட்டிவிடும். வெளியோரத்தில் 10 மி.மீ. விட்டிருந்தால், நடுப்பக்கத்தில் 8.1 மி.மீ.தான் மிஞ்சும்.

சரிசெய்ய, பக்கங்களைத் தாளில் அடுக்கும்போதே அச்சுப்பகுதியை மடிப்பை நோக்கி நகர்த்த வேண்டும். முதல் தாளுக்கு நகர்வு இல்லை, இரண்டாவதற்கு 0.1 மி.மீ., மூன்றாவதற்கு 0.2 மி.மீ. என்று கூட்டிக்கொண்டே போனால் இருபதாவதற்கு 1.9 மி.மீ. வரும். வெளியோரம் எல்லாப் பக்கங்களிலும் சமமாகிவிடும். ஆனால் நடுப்பக்கங்களில் மடிப்போர இடைவெளி அதே அளவு குறையும். ஆகவே வடிவமைக்கும்போதே அங்கே தாராளமாக இடம் விடுவது நல்லது. இரு பக்கங்களிலும் விரியும் நடுப்படத்தை இப்படி நகர்த்தினால் மடிப்பருகே படம் கொஞ்சம் தொலையும். முகம் இருந்தால் உடனே தெரியும். அதற்குப் படத்தின் அகலத்தை மட்டும் சற்றே சுருக்குவதே மேல்.

தாளின் தடிமனை வைத்துக் கணக்குப் போடுவதை மட்டும் நம்பாதீர்கள். மடிப்பின் இறுக்கத்தைப் பொறுத்துத் துருத்தல் மாறும். அச்சிடப்போகும் அதே தாளில், அதே எண்ணிக்கையில் வெற்று மாதிரி ஒன்றை மடித்து, பின் அடித்து, வெட்டுமுன் அளந்துகொள்ளுங்கள்.